1500 மீட்டர் தேறிவிட்டது: மெதுவோட்டம் அலுத்தவர்களுக்கு ஃபார்ட்லெக்

உடல்தகுதித் தேர்வின் முடிவு வந்துவிட்டது. ஓட்டத்தில் தேறிவிட்டேன், அப்பாடா. எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் 1500 மீட்டரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எனக்குக் கைகொடுத்தது ஃபார்ட்லெக் என்ற ஓட்டப் பயிற்சி. தினமும் ஒரே வேகத்தில் ஓடுவதில் இன்பம் காண்கிறவர்களுக்கு இது தேவைப்படாது. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

என் இலக்கு 6 நிமிடத்தில் 1500 மீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம், 400 மீட்டர் சுற்றுக்கு 96 வினாடி. என் மெதுவோட்டமோ கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம். அந்த ஓட்டம் இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் தேர்வில் தேவைப்படும் வேகத்தைக் கால்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை என்றால் இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டும்.

1930களில் கோஸ்டா ஹோல்மேர் என்ற ஸ்வீடன் பயிற்சியாளர் உருவாக்கியது ஃபார்ட்லெக். காட்டுப்பாதையில் நிற்காமல் ஓடிக்கொண்டே, தோன்றும்போது வேகம் கூட்டுவது, தோன்றும்போது குறைப்பது, அவ்வளவுதான். 5000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய (1942) குண்டர் ஹேக் இப்படிப் பயின்றவர்.

பலரும் வேகமான பகுதியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பலன் தந்தது இடைப்பட்ட மெதுவான பகுதி. பாய்ச்சல் முடிந்ததும் நிற்கக் கூடாது, நடக்கவும் கூடாது. மெதுவாகவாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக ஓடும்போது தசைகளில் சேரும் லாக்டேட்டை இதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஓடிக்கொண்டிருந்தால் இந்த வேலை விரைவாக நடக்கிறது, ஆக்சிஜன் பயன்பாடும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுவதில்லை. களைத்த நிலையிலேயே ஓட்டத்தைத் தொடரும் பழக்கம்தான் மூன்றாவது சுற்றில் கைகொடுக்கிறது. நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பாய்வதும் ஒரு பயிற்சிதான், ஆனால் அது வேறு பயிற்சி.

நான் ஓடிய ஒரு நாள், ஏறத்தாழ 40 நிமிடம்:

- முதல் 10 நிமிடம் மெதுவாக. இதைச் சுருக்கினால் கெண்டைக்கால் கணக்குத் தீர்த்துவிடும்.
- அடுத்த விளக்குக் கம்பம் வரை ஒரு பாய்ச்சல், சுமார் 20 வினாடி. பிறகு மூச்சு அடங்கும் வரை மெதுவோட்டம். இப்படிச் சில முறை.
- மேடு வந்தால் உச்சி வரை வேகம், இறக்கத்தில் மெதுவாக.
- நடுவில் நீளமான ஒன்று, 2 அல்லது 3 நிமிடம். பாய்ச்சல் வேண்டாம், தேர்வு வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக.
- மீண்டும் குட்டிப் பாய்ச்சல்கள், கடைசி 10 நிமிடம் மெதுவாக.

எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை அங்கங்கே கண்ணில் படுவதை வைத்து முடிவு செய்தேன். கைக்கடிகாரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அடுத்தது எது என்று தெரியாததால் சலிப்பு எட்டிப் பார்க்கவில்லை.

அளவு சரியா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள் உண்டு. குட்டிப் பாய்ச்சல் முடிந்து ஒரு நிமிட மெதுவோட்டத்துக்குள் ஒரு முழு வாக்கியத்தைத் தடங்கலின்றிப் பேச முடிய வேண்டும். கடைசிப் பாய்ச்சல் முதல் பாய்ச்சலின் வேகத்திலேயே இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆரம்பத்திலேயே மிஞ்சி ஓடிவிட்டீர்கள். அடுத்த முறை முதல் மூன்று பாய்ச்சல்களை வேண்டுமென்றே அடக்கி ஓடுங்கள். எதிர்ப்பக்கமும் ஓர் ஆபத்து இருக்கிறது. மனம்போல ஓடலாம் என்று சொல்லிக்கொண்டு பிடித்த குட்டிப் பாய்ச்சல்களையே ஓடி, அந்த 3 நிமிடத்தைத் தள்ளிப்போடுவது. 1500 மீட்டருக்கு அந்த நீளமான பகுதிதான் சோறு, மற்றதெல்லாம் ஊறுகாய்.

வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், அவையும் அடுத்தடுத்த நாளில் வேண்டாம். மற்ற நாள்களில் அதே அலுப்பூட்டும் மெதுவோட்டம்தான். அதிலிருந்து முழு விடுதலை கிடையாது. முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலித்தால் பாய்ச்சலை நிறுத்தி, வலி போகும் வரை காத்திருங்கள்.

ஒரு குறை உண்டு. ஃபார்ட்லெக் உடலைத் தயார் செய்யும், வேக நிதானத்தைக் கற்றுத்தராது. பாய்ச்சலுக்குப் பழகிய கால் தேர்வன்று முதல் சுற்றை 85 வினாடியில் முடித்துவிடும், பிறகு திண்டாடும். அதனால் கடைசி இரண்டு வாரம் தடகளப் பாதைக்குப் போய், கடிகாரத்தோடு, 96 வினாடிக்கு ஒரு சுற்று என்று நான்கைந்து முறை ஓடுங்கள். இடையே இரண்டு நிமிட மெதுவோட்டம். 90 வினாடியில் முடித்தால் மகிழாதீர்கள், அடுத்த சுற்றில் வேகத்தைக் குறையுங்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று நாளில் பாய்ச்சல் எதுவும் வேண்டாம்.