இரண்டாம் ஆண்டு விடைதான் என்னைக் கவிழ்த்தது

வாணிபச் சமநிலைக்கும் அயல்நாட்டுச் செலுத்துநிலைக்கும் உள்ள வேறுபாட்டை நான் பரீட்சைக்கு ஒரு வரியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: முன்னது சரக்கை மட்டும் கணக்கெடுக்கும், பின்னது எல்லாவற்றையும் கணக்கெடுக்கும். வரி தவறில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு கணக்கைக்கூடப் போட முடியாது என்பது தேர்வறையில்தான் தெரிந்தது.

கேள்வி இதுதான். ஒரு நாட்டு நிறுவனம் 100 டாலருக்கு இயந்திரம் ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து முழுக்கக் கடனில் வாங்குகிறது. வெளிநாட்டுக் கப்பலுக்கு 6, வெளிநாட்டுக் காப்பீட்டுக்கு 1, ஆக 7 டாலரை உடனே கட்டுகிறது. அடுத்த ஆண்டு அசல் 100-ஐயும் வட்டி 5-ஐயும் திருப்பித் தருகிறது. கட்ட வேண்டிய டாலர் முழுவதும் மைய வங்கியின் கையிருப்பிலிருந்தே வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் இரண்டு நிலைகளையும் காண்க.

நான் முதல் ஆண்டுக்கு இரண்டிலும் 107 பற்றாக்குறை என்றும், அடுத்த ஆண்டுக்கு இரண்டிலும் 105 பற்றாக்குறை என்றும் எழுதினேன். பணம் எப்போது போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் முதல் ஆண்டில் 7 டாலர்தான் போயிருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை!

இப்போது போட்டுப் பார்ப்போம். வாணிபச் சமநிலை பணத்தைப் பார்ப்பதில்லை. சரக்கின் உரிமை உள்நாட்டவர் கைக்கும் வெளிநாட்டவர் கைக்கும் இடையே மாறுகிறதா என்றுதான் பார்க்கிறது. இயந்திரம் முதல் ஆண்டிலேயே கைமாறிவிட்டது. ஆகவே கடனாக இருந்தாலும் முதல் ஆண்டில் 100 பற்றாக்குறை. 107 இல்லையா? சுங்கப் புள்ளிவிவரத்தில் இறக்குமதியை வழக்கமாகக் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்தே பதிவார்கள். அங்கே 107 என்று இருக்கும். செலுத்துநிலை அட்டவணையில் சரக்கை ஏற்றுமதி நாட்டின் எல்லையில் உள்ள மதிப்பில், அதாவது 100 என்றுதான் எழுதுவார்கள். மீதி 7 சேவைகள் வரிக்குப் போய்விடும். கப்பல் உள்நாட்டு நிறுவனத்துடையது என்றால் அந்த 6 பதிவாகவே ஆகாது. உள்நாட்டவர் இருவருக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் அது. ஒரே பெயரில் இரண்டு எண்கள் உலாவுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். எந்த அட்டவணையிலிருந்து எடுத்தது என்பதை முதலில் பாருங்கள்.

சரி, செலுத்துநிலை? இங்கே ஒவ்வொரு நிகழ்வும் இரண்டு முறை எழுதப்படும். இயந்திரம் வந்ததற்கு, சரக்கு, சேவை, வருமானம், நன்கொடை எல்லாம் சேரும் நடப்புக் கணக்கில் 100 பற்று. அதற்கு ஈடாக வெளிநாட்டவருக்கு நாம் பட்ட கடன், கடனும் முதலீடும் எழுதப்படும் நிதிக் கணக்கில் 100 வரவு. (பழைய பாடநூல்கள் இதையே மூலதனக் கணக்கு என்கின்றன, உங்கள் பாடத்திட்டம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதோ அதையே எழுதுங்கள்.) கப்பலுக்கும் காப்பீட்டுக்கும் 7 பற்று, கையிருப்பு 7 குறைந்தது எதிர்ப்பக்கம். எல்லாம் கூட்டினால் சுழி. எப்போதும் சுழிதான் வர வேண்டும். நிஜப் புள்ளிவிவரத்தில் வராது. அதற்காகவே 'பிழைகளும் விடுபடல்களும்' என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள்.

எப்போதும் சுழி என்றால் 'செலுத்துநிலைப் பற்றாக்குறை' எங்கிருந்து வருகிறது? மைய வங்கியின் கையிருப்பு வரியை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைக் கூட்டுங்கள். நடப்புக் கணக்கு கழித்தல் 107, கடன் கூட்டல் 100. விடை கழித்தல் 7. சரக்கில் 100 பற்றாக்குறை கண்ட ஆண்டில் செலுத்துநிலையில் துண்டு விழுந்தது வெறும் 7.

அடுத்த ஆண்டு எதுவும் இறக்குமதியாகவில்லை. வாணிபச் சமநிலை சுழி. வட்டி 5 நடப்புக் கணக்கில் வருமானம் என்ற வரியில் பற்று. அசல் 100 நடப்புக் கணக்கைத் தொடவே தொடாது; கடன் குறைந்தது என்று நிதிக் கணக்கில் பற்று. கையிருப்பை மறைத்தால் கழித்தல் 105. சரக்குக் கணக்கில் ஒன்றுமே நடக்காத ஆண்டில்தான் கையிருப்பு கரைந்தது. இந்த இரண்டாம் ஆண்டில்தான் மதிப்பெண் இருந்தது. நான் அசலையும் வட்டியையும் சேர்த்து இறக்குமதிச் செலவாக்கிவிட்டிருந்தேன்.

அப்புறம் நான் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட கேள்வி, வெளிநாட்டிலிருந்து 30 டாலர் மதிப்புள்ள மருந்து நன்கொடையாக வந்தால் என்ன ஆகும் என்பது. ஒரு காசும் போகவில்லை, ஆனாலும் வாணிபச் சமநிலையில் 30 பற்றாக்குறை விழும். நடப்புக் கணக்கில் நன்கொடை வரியில் 30 வரவு எழுதியதும் அந்தக் கணக்கு சுழியாகிவிடும். இதை விடைநூலைப் பார்க்காமல் இரண்டு வரியாக எழுத வந்த பிறகுதான் முந்தைய தாளை மறுபடி எடுத்துப் போட்டேன்.