கணக்கு வரும், ஆனால் வேண்டாம்

பத்தாம் வகுப்புக் கணக்கில் 97 வாங்கிய பெண், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் முதல் குரூப் வேண்டாம், காமர்ஸ் போதும் என்று எழுதிக் கொடுத்தாள். ஆசிரியர் அறையில் அன்று அதே பேச்சுதான். ‘பயந்துட்டா’ என்றார் ஒருவர். ‘காமர்ஸ்னா லேசா ஓட்டிரலாம்னு நினைக்குது’ என்றார் இன்னொருவர். ஒன்பதிலும் பத்திலும் அவளுக்குக் கணக்கு நடத்தியவள் நான். இந்த இரண்டில் எதுவும் அவளுக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அந்தப் பேச்சு இன்னும் எனக்குள் முடியவில்லை.

‘கணக்கு கஷ்டமா இருக்காம்மா?’ என்று கேட்டேன்.

‘இல்ல டீச்சர். கணக்கு வரும்.’

‘பிடிக்கலையா?’

‘பிடிக்கும் டீச்சர்.’

‘அப்புறம் ஏன்?’

‘முதல் குரூப்னா கணக்கு மட்டும் இல்லையே டீச்சர்.’

இந்தக் கடைசி பதிலை அப்போது சாக்குப்போக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைச் சொன்னேன். அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு இன்ஜினியரிங் கட்டணத்தை அரசே கட்டும் என்றேன். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எதையும் மறுக்கவில்லை. முடிவையும் மாற்றவில்லை.

பி.எட். படிக்கும்போது எதிர்பார்ப்பு–மதிப்புக் கோட்பாடு என்று ஒன்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அன்று இரவுதான் அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். ஒரு பிள்ளை ஒரு வேலையை எடுத்துச் செய்வதும் ஒதுங்கிப் போவதும் இரண்டு கேள்விகளைப் பொறுத்தது என்கிறது அது. ‘செய்தால் எனக்கு வருமா?’ என்பது ஒன்று. ‘எனக்கு இது வேண்டுமா?’ என்பது மற்றொன்று. 1983-இல் ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் குழுவோடு இதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். நன்றாகப் படிக்கும் பெண்கள்கூட மேல்வகுப்பில் கணக்கை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பதும் அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. என் முன்னால் நின்ற பெண்ணைப் பற்றிய கேள்வியே அதுதான்.

அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ‘எனக்கு வரும்’ என்ற நம்பிக்கை, பிள்ளை எடுக்கும் மதிப்பெண்ணை ஓரளவு முன்கூட்டியே காட்டும். ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பாடத்தை எடுப்பாளா என்பதை முன்கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான பதில்தான். 97 என்ற எண்ணைப் பார்த்து அவள் முதல் குரூப் எடுப்பாள் என்று நாங்கள் நினைத்தோம். முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதை ஊகித்திருக்கிறோம்.

அந்த ‘வேண்டுமா’ என்பதை எக்கிள்ஸ் நான்காகப் பிரிக்கிறார். அதைச் செய்வதில் உள்ள சந்தோஷம், அது பின்னால் தரும் பயன், அதில் நன்றாக வருவது ‘நான் யார்’ என்பதற்கு எவ்வளவு முக்கியம் என்பது, நான்காவதாக அதற்குக் கொடுக்க வேண்டிய விலை. நான் பேசியதெல்லாம் பயனைப் பற்றி. அவள் பதில் சொன்னது விலையைப் பற்றி. இந்த விலையை ஆய்வாளர்களே நீண்ட காலம் சரியாக அளக்காமல் விட்டிருந்தார்கள். 2010-க்குப் பிறகுதான் அதைத் தனியாக அளக்கும் கேள்விகள் பரவலாக வந்தன. எவ்வளவு உழைக்க வேண்டும், அந்த நேரத்தில் எதை விட வேண்டியிருக்கும், தோற்றால் மனசு என்ன பாடுபடும் என்று அதற்குள்ளேயே பல உண்டு.

மறுநாள் மறுபடியும் கூப்பிட்டேன். இந்த முறை ஏன் என்று கேட்கவில்லை. ‘முதல் குரூப் எடுத்தா வீட்டுல என்னென்ன மாறும், சொல்லு’ என்றேன். தயாராக வைத்திருந்தவள் போலச் சொன்னாள். அம்மா மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்கால இட்லிக் கடை போடுகிறார். ஐந்து மணிக்கு இவள் வீடு திரும்பினால்தான் அவர் கிளம்ப முடியும். தம்பிக்கு ஆறு வயது. அவனைப் பார்த்துக்கொண்டே சட்னிக்குச் சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும், மறுநாள் மாவுக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும். முதல் குரூப் எடுத்த பக்கத்து வீட்டு அக்கா மூன்று பாடத்துக்கு டியூஷன் போய் எட்டு மணிக்குத்தான் வருவாள்.

‘நான் போனா ஆள் வைக்கணும் டீச்சர். முந்நூறு ரூபா கேப்பாங்க. கடையில ஒரு நாளைக்கு மிச்சமே அவ்வளவுதான்.’

பயந்தவளும் சோம்பேறியும் போடுகிற கணக்கு இல்லை இது. அமெரிக்கப் பள்ளியில் கணக்கு என்பது தனியாக எடுக்கவும் விடவும் கூடிய ஒரு பாடம். நம்மிடம் அப்படி இல்லை. கணக்கு வேண்டுமென்றால் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தே வரும். வணிகக் கணிதம் உள்ள குரூப் எங்கள் பள்ளியில் கிடையாது. அவளுக்குக் கணக்கின் விலை குறைவுதான். அதோடு கட்டப்பட்டிருக்கும் மூட்டையின் விலைதான் கட்டுபடியாகவில்லை. ‘கணக்கு மட்டும் இல்லையே’ என்று முதல் நாளே சொன்னாளே, அது இதைத்தான்.

சரி, விலையைக் குறைப்போம் என்று இறங்கினேன். டியூஷனே வேண்டாம், காலையில் எட்டு மணிக்கு வா, பதினொன்றாம் வகுப்புக் கணக்கை நான் சொல்லித் தருகிறேன் என்றேன். இயற்பியல் ஆசிரியையிடம் பேசினேன், அவரும் ஒத்துக்கொண்டார். வேதியியலுக்கு முன்னாள் மாணவி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். சாயங்காலம் முழுக்க அவளுக்கு மிச்சம். இதையெல்லாம் சொன்னபோது அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். சுருங்கியது.

‘இத்தனை பேரு எனக்காகப் பண்ணி, நான் கட்-ஆஃப் எடுக்கலைன்னா டீச்சர்?’

இதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கும் வாக்கியம். உதவி என்று நான் எடுத்து வைத்த ஒவ்வொன்றும் நேரத்தின் விலையைக் குறைத்தது உண்மை. ஆனால் அதே உதவி, தோற்பதன் விலையை ஏற்றிவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஒரு பாடத்தில் தடுமாறுவது வேறு, மூன்று பேர் காத்திருந்து சொல்லிக் கொடுத்தும் தடுமாறுவது வேறு. பத்தாம் வகுப்பில் அவள் முதல் மாணவி. காமர்ஸில் அது அப்படியே நிற்கும். முதல் குரூப்பில் நிற்குமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிவிட்டு, பதினொன்றின் காலாண்டுத் தேர்வில் இயற்பியல் தாளை மடித்து நோட்டுக்குள் ஒளித்து வைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவளும் பார்த்திருப்பாள்.

தலைமை ஆசிரியர் என்னிடம்தான் கேட்டார், என்ன செய்யலாம் என்று. காமர்ஸிலேயே போடுங்கள் என்றேன்.

இயற்பியல் ஆசிரியைக்கு இதில் இன்றுவரை என் மேல் வருத்தம். ‘முதல் குரூப் படிச்சவ நாளைக்கு மனசு மாறி பி.காம் போகலாம். காமர்ஸ் படிச்சவ மனசு மாறி இன்ஜினியரிங் போக முடியுமா?’ என்று கேட்டார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பிள்ளை தன் கண்ணுக்குத் தெரியும் பயனையும் விலையையும் வைத்துத் தேர்ந்தெடுக்கிறது என்றுதான் அந்தக் கோட்பாடு சொல்கிறது. அப்படிக் கண்ணுக்குத் தெரிவது சரியான அளவு என்று எங்கேயும் சொல்லவில்லை. முந்நூறு ரூபாய் பதினைந்து வயதில் தினமும் தெரிகிறது. மூடிப்போகும் ஒரு கதவின் விலை இருபது வயதில்தான் தெரியும். அவள் ஏன் மறுத்தாள் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் புரிதல், மறுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு அனுமதி கொடுத்ததா? சில நாள் கொடுத்தது என்று தோன்றுகிறது. சில நாள், சம்மதிக்காத ஒரு பெண்ணை மூட்டையோடு தூக்கி ஏற்றிவிடுவதும் ஆசிரியர் வேலைதானோ என்று தோன்றுகிறது.

அந்த வருஷமே ஒரு நாள் கணக்குப்பதிவியல் நோட்டோடு என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். தேய்மானப் பாடம். குறைந்து செல் மதிப்பு முறையில் பத்து சதவீதம். 10,000 ரூபாய் இயந்திரம் அடுத்த வருஷம் 9,000, அதற்கடுத்து 8,100, அப்புறம் 7,290. ‘டீச்சர், இது நீங்க நடத்துன பெருக்குத் தொடர்வரிசைதானே? பொது விகிதம் 0.9. பத்தாவது வருஷத்துக்கு ஒரே வரியில போடலாம், ஆனா இங்க வருஷா வருஷம் கழிக்கச் சொல்றாங்க’ என்றாள். சந்தோஷமாக இருந்தாள். எனக்குச் சந்தோஷமும் வந்தது, வேறொன்றும் வந்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்திருந்தார். கடைக்கு நேரமாகிவிட்டது என்று நின்றுகொண்டேதான் பேசினார். முதல் குரூப் விஷயத்தைச் சொன்னேன். ‘அவ என்கிட்ட கேக்கவே இல்லையே டீச்சர். கேட்டிருந்தா ஆள் வச்சிருப்பேனே’ என்றார்.

அமெரிக்காவில் விஸ்கான்சினில் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பிள்ளைகளிடம் எதுவும் பேசாமல், கணக்கும் அறிவியலும் எதற்கெல்லாம் உதவும் என்று விளக்கும் இரண்டு கையேடுகளையும் ஓர் இணையதளத்தையும் பெற்றோருக்குக் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிடச் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு பருவ அளவுக்கு அந்தப் பாடங்களைக் கூடுதலாக எடுத்தார்கள். அதை நினைத்துத்தான் இப்போதெல்லாம் மே மாதம் வரை காத்திருக்காமல், ஜனவரியிலேயே பத்தாம் வகுப்புப் பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறேன். முதலில் கேட்பது, முதல் குரூப் எடுத்தால் வீட்டில் யார் எதை விட வேண்டியிருக்கும் என்றுதான். பயனைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்.

அம்மா சொன்னதைக் கேட்டதும் இயற்பியல் ஆசிரியை, ‘பார்த்தீங்களா, அந்த முந்நூறு ரூபாய் அவ மனசுல மட்டும்தான் இருந்திருக்கு’ என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டால் அம்மா சரி என்று சொல்லிவிடுவார் என்று தெரிந்துதான் அவள் கேட்காமல் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவளிடம் அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். இன்னும் கேட்கவில்லை.