8191 பகா எண்தானா? தேர்வில் நான் கோட்டைவிட்ட ஒரு கழித்தலும் அதன் பிறகு கற்றதும்

எண் கோட்பாட்டுப் பாடத்தின் இடைத்தேர்வில் எனக்கு வந்த கேள்வி ஒரே வரிதான்: லூக்காஸ்–லெமர் சோதனையைக் கொண்டு 2^13 − 1 பகா எண்ணா என்று காட்டுக. சாதாரணக் கால்குலேட்டர் அனுமதி உண்டு. முறை எனக்கு மனப்பாடம். இருந்தும் கடைசி வரியில் 5098 என்று வந்தது. பூஜ்ஜியம் இல்லை, ஆகவே பகு எண் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். 8191 பகா எண். இந்த ஆண்டு அதே பாடத்தை எடுத்திருக்கிறவர்கள் அந்த இடத்தில் வழுக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் முறை. அடுக்கு p ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும். M = 2^p − 1 என்று வையுங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, M-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி வர்க்கம் எடுத்து 2 கழிக்க வேண்டும். இப்படி மொத்தம் p − 2 தடவை. கடைசியில் நிற்பது பூஜ்ஜியம் என்றால் M பகா எண், இல்லையென்றால் பகு எண். இரண்டு பக்கமும் உறுதியான முடிவு, 'அநேகமாக' என்ற பேச்சே இல்லை. p = 2 மட்டும் இதற்குள் வராது. அங்கே M = 3, வர்க்கம் எடுக்கவே வேண்டாம், கையில் இருக்கும் 4-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் 3 பகா எண்தான்.

அந்த 2-ஐ ஏன் கழிக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் அதை மறக்கவே மாட்டீர்கள். 2 + √3, 2 − √3 இரண்டின் கூட்டுத்தொகை 4, பெருக்கல் 1. இரண்டையும் கூட்டி வர்க்கம் எடுத்தால் இரண்டின் வர்க்கங்களோடு கூடவே பெருக்கலின் இருமடங்கு, அதாவது ஒரு 2, ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழித்துவிட்டால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மட்டும் தங்கும்.

இனி வகுத்தல். 8191-ஆல் நீள்வகுத்தல் போடத் தேவையில்லை. 8192-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 8192-ஐ 8191-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், ஒவ்வொரு 8192-உம் ஒரு 1-ஆகச் சுருங்கிவிடுகிறது. 194-இன் வர்க்கத்தில் 2 போக 37634. அதில் 8192 நான்கு தடவை அடங்கும், மிச்சம் 4866. கூட்டினால் 4870, அவ்வளவுதான். இன்னொரு வசதியும் உண்டு. மீதி M-இன் பாதிக்கு மேல் போனால் M-ஐக் கழித்துக் குறை எண்ணாக வைத்துக்கொள்ளலாம். 4870 என்பதும் −3321 என்பதும் இங்கே ஒன்றுதான். வர்க்கம் எடுக்கும்போது குறி போய்விடும், எண்ணும் சின்னதாகிவிடும்.

இப்படியே போனால் 13-க்கு வரவேண்டிய வரிசை இது. தொடக்கத்து 4-ஐ விட்டுவிட்டு எண்ணினால் 11 வர்க்கங்கள்:

```
4 → 14 → 194 → 4870 → 3953 → 5970 → 1857
  → 36 → 1294 → 3470 → 128 → 0
```

நான் விழுந்தது 1857-க்கு அடுத்த படியில். வர்க்கத்தில் 2 போக 3448447. அதில் 8192 அடங்குவது 420 தடவை, மிச்சம் 7807. கூட்டினால் 8227. இது 8191-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே இன்னொரு முறை 8191-ஐக் கழித்து 36 என்று எழுத வேண்டும். அதுவரை ஒவ்வொரு வரியிலும் 8192-ஆலேயே வகுத்துக்கொண்டு வந்த கை, இங்கேயும் 8192-ஐயே கழித்தது. 36 இருக்க வேண்டிய இடத்தில் 35. அங்கிருந்து 1223, 4965, 4504, கடைசியில் 5098. பார்ப்பதற்கு ஒவ்வொரு எண்ணும் நியாயமாகத்தான் தெரிந்தது.

சோதனையின் இயல்பே அப்படி. நடுவில் வரும் எண்கள் எதையும் காட்டிக்கொடுக்காது. ஒரு சின்னத் தப்பு நேர்ந்தாலும் பகா எண் பகு எண்போலவே கடைசிவரை நடந்து போகும். தாள் திரும்பி வந்த வாரம் தோ பாயோ நூலகத்தில் ஒரு சீனியர் அக்காவிடம் அதைக் காட்டினேன். இரண்டு வருடம் முன்பு இதே பாடத்தை முடித்தவர். ஐந்து நிமிடம் வரிகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, பூஜ்ஜியம் வந்தா நம்பு, அது தற்செயலா வராது. வரலைன்னா மேலேயிருந்து ஒவ்வொரு வரியையும் திரும்பப் பாரு, அதுக்கப்புறம் பகு எண்ணுன்னு எழுது" என்றார். தப்பான கணக்கு தற்செயலாகப் பூஜ்ஜியத்தில் போய் முடியும் வாய்ப்பு குறைவுதான். தப்பான கணக்கு பூஜ்ஜியம் அல்லாத ஏதோ ஓர் எண்ணில் முடிவதோ சர்வசாதாரணம்.

திரும்பப் பார்ப்பதற்கு அவர் காட்டிய வழி ஆரம்பப் பள்ளிக் கணக்குதான்: இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குவது. 8191-இன் இலக்கங்கள் 19, பிறகு 10, பிறகு 1. ஆகவே 13-க்கு இது இன்னும் எளிது. வகுபட்ட எண்ணின் ஒற்றை இலக்கம், ஈவையும் மீதியையும் கூட்டிய ஒற்றை இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு விஷயம் கவனியுங்கள்: கூடுதலாக ஒரு முறை 8191-ஐக் கழித்திருந்தால் ஈவிலும் 1 கூட்டிக்கொள்ள வேண்டும். என் வரியில் 3448447-க்கு இலக்கக் கூட்டல் 34, அதாவது 7. ஈவு 421, அதுவும் 7. மீதி 35 என்றால் 8. ஏழும் எட்டும் 15, அதாவது 6. ஆறு ஏழோடு பொருந்தவில்லை. 36 என்றால் இலக்கக் கூட்டல் 9, ஒன்பதைச் சேர்த்தாலும் 7-தான். அரை நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் அந்தக் கேள்வி எனக்குப் போயிருக்காது.

இந்தச் சோதனைக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால், 3953-ஐ 3593 என்று எழுதுவதுபோல, கூட்டுத்தொகை மாறாது, தப்பு தெரியாது. அதனால் அடுத்த வரிக்கு எண்ணை எடுத்து எழுதும்போது ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக்கொள்வேன். தேர்வு அறையில் மனதுக்குள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது கடைசிக்கு முந்தைய வரியில் இருக்கும் அடையாளம். கடைசி வரி பூஜ்ஜியம் ஆக வேண்டுமானால், அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2-ஐயே மீதியாகத் தர வேண்டும். 2^p-இன் மீதி 1 என்பதால் 2^(p+1)-இன் மீதி 2. அடுக்கைப் பாதியாக்கினால், M பகா எண்ணாக இருக்கும்போது முந்தைய எண் 2^((p+1)/2) அல்லது அதன் குறை எண், இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 13-க்கு 2^7, அதாவது 128. மேலே வரிசையைப் பாருங்கள், 128-தான் நிற்கிறது. 7-க்கு வரிசை 4, 14, 67, 42, 111, 0. 127-ஐக் கழித்தால் 111 என்பது −16, அதாவது 2^4-இன் குறை எண். என் தாளில் அந்த இடத்தில் 4504 இருந்தது.

7-ஐச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது, கூட்டிச் சுருக்கும் முறைக்கே உரிய பொறி ஒன்று. 111-இன் வர்க்கத்தில் 2 போக 12319. அதில் 128 அடங்குவது 96 தடவை, மிச்சம் 31. கூட்டினால் 127. என்னோடு படித்த ஒருவர் இதைப் பார்த்து 'பூஜ்ஜியம் இல்லை' என்று எழுதிவிட்டார். 127-ஆல் வகுக்கும்போது 127-தான் பூஜ்ஜியம். கூட்டிச் சுருக்கும்போது உண்மையான பூஜ்ஜியம் ஒருநாளும் 0 என்ற வடிவில் வராது, M ஆகவே வரும்.

படிகளை எண்ணுவதிலும் கவனம் தேவை. சில குறிப்புகளில் 4-ஐ முதல் உறுப்பு என்பார்கள், சிலவற்றில் பூஜ்ஜியமாவது உறுப்பு என்பார்கள். உறுப்பை எண்ணாதீர்கள், வர்க்கம் எடுத்ததை எண்ணுங்கள்: p − 2. ஒரு படி கூடிப்போனால் 8189 வரும், அதாவது −2. அதற்கு அடுத்தது 2, அப்புறம் எத்தனை தடவை போனாலும் 2-தான். கடைசியில் இப்படி நின்றால் பூஜ்ஜியத்தைத் தாண்டி வந்துவிட்டீர்களா என்று பின்னால் திரும்பிப் பாருங்கள்.

சரி, விடை நிஜமாகவே பகு எண்ணாக இருந்தால்? 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், M = 2047. வரிசை 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசிக்கு முன் 64 அல்லது −64 இருந்திருக்க வேண்டும், 282 இருக்கிறது. பூஜ்ஜியம் இல்லை, வரிகளும் சரிபார்த்தாகிவிட்டது, ஆகவே பகு எண். இந்தச் சோதனை காரணிகளைச் சொல்லாது. 23, 89 என்று வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2^67 − 1 பகு எண் என்று லூக்காஸ் 1876-லேயே காட்டிவிட்டார், அதன் காரணிகளை கோல் என்பவர் முன்வைத்தது 1903-இல்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது விடையைச் சரிபார்க்க இவ்வளவு போதும்:

```python
def ll(p):
    M = 2**p - 1
    s = 4
    for _ in range(p - 2):
        s = (s*s - 2) % M
        print(s)
    return s == 0
```

தேர்வறையில் பைத்தான் கிடையாது. அங்கே நேரம் மிஞ்சினால் 4-க்குப் பதில் 10-இல் தொடங்கி இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம், முடிவு அதேதான். 7-க்கு 10, 98, 77, 85, 111, 0. நடுவில் வரும் எண்கள் பெரும்பாலும் வேறு என்பதால் முதல் தடவை செய்த தப்பு அப்படியே திரும்பி வராது. 13-க்கு எனக்கு அதற்கு 12 நிமிடம் பிடிக்கிறது.

கால்குலேட்டரைப் பொறுத்தவரை, திரையில் 10 இலக்கம் காட்டுவது என்றால் 13 வரை பயமே இல்லை, வர்க்கம் 8 இலக்கத்தைத் தாண்டாது. 17-க்கு மீதியை அப்படியே வர்க்கம் எடுத்தால் 11 இலக்கம் வரை போகும், கடைசி இலக்கம் திரையில் இருக்காது, கணக்கு அங்கேயே கெட்டுவிடும். குறை எண்ணாக மாற்றி வைத்துக்கொண்டால் மிகப் பெரிய மீதி 65,535, அதன் வர்க்கம் 4,294,836,225, மிகச் சரியாக 10 இலக்கம். 19-க்கு அந்த வித்தையும் போதாது, 262,143-இன் வர்க்கம் 11 இலக்கம். அதற்கு எண்ணை இரண்டாகப் பிரித்துத் தாளில்தான் பெருக்க வேண்டும்.