இலவச டிரையல் எத்தனை மணிக்கு முடிகிறது?

கும்பகோணம் பக்கம் முகூர்த்த மாதங்களில் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் எடிட்டிங் ஆப்களின் 7 நாள் இலவச டிரையலை எடுத்துப் பார்ப்பது வழக்கம். பணம் பிடித்த பிறகு, "இன்னும் ஒரு நாள் இருந்ததே, எப்படி எடுத்தார்கள்?" என்று எங்கள் பிரவுசிங் சென்டருக்கு வருகிறார்கள். கேன்சல் செய்ய மறந்தவர்களைவிட, நாள் கணக்கில் ஏமாந்தவர்களே அதிகம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஜூன் 3, புதன்கிழமை காலை 6:10க்கு ஒருவர் டிரையலைத் தொடங்குகிறார். 10ஆம் தேதி வரை உண்டு, அன்று காலை கடை திறந்ததும் கேன்சல் செய்துவிடலாம் என்று நினைக்கிறார். ஆனால் டிரையல் தேதியோடு முடிவதில்லை. பஞ்சாங்கத்தில் திதி இத்தனை மணி வரை என்று போட்டிருப்பதுபோல, தொடங்கிய நிமிடத்தை வைத்தே பெரும்பாலும் முடியும். 10ஆம் தேதி காலை 6:10க்கே கெடு போய்விட்டது. கடை திறக்கும்போது பணம் பிடித்த மெசேஜ் வந்திருக்கும்.

ஐபோனாக இருந்தால் இன்னும் ஒரு நாள் முன்னால் போக வேண்டும். டிரையல் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே கேன்சல் செய்யச் சொல்கிறது ஆப்பிள். அடுத்த கட்டணத்தை அந்தக் கடைசி 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் காரணம். ஆகவே இவருக்கு உண்மையான கெடு 9ஆம் தேதி காலை 6:10. 8ஆம் தேதி இரவே முடித்துவிடுவது நல்லது.

இதற்கு மேல் ஊர் நேரம் வேறு குழப்பும். நமக்குப் புதன் காலை 6:10 என்றால், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அப்போது செவ்வாய் மாலை 5:40. அங்கிருந்து நடத்தும் தளம் தன் ஊர்த் தேதியைப் போட்டால், மெயிலில் முடிவு நாள் ஜூன் 9 என்றிருக்கும். உலகப் பொது நேரமான UTC படி கணக்கு வைக்கும் தளத்தில் நாள் மாறுவது நமக்குக் காலை 5:30க்கு. மெயிலில் மணி இல்லாமல் தேதி மட்டும் இருந்தால், அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கேன்சல் செய்யுங்கள். எந்த ஊர்க் கணக்காக இருந்தாலும் அது போதும்.

ஆண்ட்ராய்டில் வழி இது: பிளே ஸ்டோரில் மேலே வலது மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதில் Subscriptions. ஆப்பைத் தேர்ந்தெடுத்து Cancel subscription கொடுத்தால் காரணம் கேட்கும். அங்கேயே பலர் வெளியே வந்துவிடுகிறார்கள். காரணம் சொன்ன பிறகும் இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும். கேன்சல் ஆனதாகக் காட்டும் திரையையும் அதற்கான மெயிலையும் பார்க்கும் வரை வேலை முடியவில்லை. பட்டியலில் ஆப்பே இல்லையென்றால், போனில் இருக்கும் வேறொரு ஜிமெயிலில் எடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு மெயிலிலும் GPA. என்று தேடுங்கள். பிளே ஸ்டோர் ஆர்டர் எண்கள் அப்படித்தான் தொடங்கும்.

ஐபோனில் Settings, மேலே உங்கள் பெயர், பிறகு Subscriptions. ஆப்பை அழிப்பதால் இரண்டிலுமே சந்தா நிற்காது.

எடுத்த அன்றே கேன்சல் செய்யலாமா என்று கேட்பார்கள். பிளே ஸ்டோரில் பொதுவாக மிச்ச நாள்களுக்கும் ஆப் ஓடும், தயங்க வேண்டாம். ஆப்பிளில் சில டிரையல்கள் கேன்சல் செய்தவுடனே நின்றுவிடலாம். உறுதி செய்யும் முன் திரையில் வரும் வரியைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலோ யூபிஐ ஆட்டோபேயிலோ தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் வர வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதையே அலாரமாக நம்பி இருக்காதீர்கள். அது வரும் நேரமும் ஆப்பிள் சொல்லும் கடைசி நேரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பணம் போன நேரத்தை வைத்தும் கெடுவைக் கணிக்க முடியாது. 2025 ஆகஸ்ட் முதல் யூபிஐ ஆட்டோபே பணத்தை, நெரிசல் நேரம் தவிர்த்து, காலை 10 மணிக்கு முன்போ, பிற்பகல் 1 முதல் 5 வரையோ, இரவு 9:30க்குப் பிறகோதான் எடுக்கிறார்கள்.

யூபிஐ ஆப்பில் ஆட்டோபேயை மட்டும் ரத்து செய்தால் பணம் போகாது, ஆனால் சந்தா உயிரோடு இருக்கும். பணம் கட்டச் சொல்லி மெயில் வந்துகொண்டே இருக்கும். முதலில் சந்தா, பிறகு ஆட்டோபே என்ற வரிசையில் ரத்து செய்யுங்கள்.

பணம் போய்விட்டால், பிளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேளுங்கள். ஆப்பிளுக்கு reportaproblem.apple.com. கேன்சல் செய்த பிறகும் பிடித்திருந்தால், மணி தெரியும்படி எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் அங்கே கைகொடுக்கும்.