தொப்பென்று விழுந்த கை

செப்டம்பர் 9, செவ்வாய்

ஈசூனில் அண்ணன் வீடு. ஐந்து வயது மருமகன் மைலோ கோப்பையை வலது கையால் எடுத்துக் குடித்தான். அவன் இடக்கைக்காரன். போன புதன்கிழமை சளியும் காய்ச்சலும் வந்து, மூன்று நாளில் விட்டுவிட்டது. காலையில் அண்ணி கூட்டிப்போன மருந்தகத்தில் "முழங்கை பிசகியிருக்கும்" என்றார்களாம்.

குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்வது என் வேலை. பிசகின கையைப் பிள்ளைகள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வார்கள், தொட்டால் அலறுவார்கள். இவன் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விட்டேன், தொப்பென்று விழுந்தது. ஆனால் என் விரலை இறுக்கிப் பிடித்தான். உள்ளங்கையில் கிச்சுகிச்சு மூட்டியதும் சிரித்தான். அப்படியென்றால் உணர்ச்சி இருக்கிறது, பலம்தான் இல்லை. முழங்கை மடிப்பில் விரல் வைத்துத் தட்டினேன். வலது கை துள்ளியது, இடது கை சும்மா கிடந்தது. அண்ணியிடம் விளக்கவெல்லாம் நேரமில்லை. "கிளம்புங்க, அவசரப் பிரிவுக்கு" என்றேன்.

செப்டம்பர் 10, புதன்

எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. கழுத்துப் பகுதி முதுகுத்தண்டில், தசைகளுக்கு உத்தரவு அனுப்பும் நரம்பணுக்கள் இருக்கும் முன்பக்கச் சாம்பல் பொருளில் நீளவாக்கில் வெள்ளையாகத் தெரிகிறது. ஏஎஃப்எம், அதாவது முதுகுத்தண்டு அழன்று கை கால் திடீரென்று துவளும் நோய் என்று நினைக்கிறார்கள். குயில்லன் பாரே என்ற நரம்பு நோய் என்றால் பெரும்பாலும் இரண்டு காலும் ஒன்றாகத் தளர்ந்து மேலே ஏறும். இவனுக்கு ஒரே கை, அதுவும் தோள் பக்கம்.

இந்த முதல் சில நாள் பயம் மூச்சைப் பற்றித்தான். தளர்ச்சி மூச்சுத் தசைக்கும் தொண்டைக்கும் பரவலாம். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறான் என்று தாதி அடிக்கடி கேட்கிறார். இன்று இருபது.

இரவு அம்மா போனில், "இது இளம்பிள்ளைவாதம்தானே? என்கிட்ட மறைக்கிறீங்களா?"

அம்மாவுக்கு அது வந்தது 1958 பரவலில், ஐந்து வயதில். இடது கெண்டைக்கால் இன்றும் என் மணிக்கட்டு அளவுதான். அந்த ஆண்டின் கடைசியில்தான் சிங்கப்பூரில் சாபின் சொட்டு மருந்து தொடங்கியது. பரவியது முதல் வகை போலியோ, கொடுத்தது இரண்டாம் வகைத் தடுப்பு மருந்து! குடலில் சாதுவான கிருமி முதலில் இடம்பிடித்துவிட்டால் மற்றதற்கு இடமிருக்காது என்ற கணக்கு. ஏறக்குறைய இரண்டு லட்சம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அதற்குள் வந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

மூக்கிலும் தொண்டையிலும் துடைத்தெடுத்தது, மலம், முதுகுத்தண்டு நீர், மூன்றும் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. மலம் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை. போலியோ இல்லை என்று உறுதி செய்ய அது வேண்டும். தடுப்பூசி எல்லாம் போட்ட பிள்ளைதான், இருந்தாலும் திடீரென்று கை கால் துவண்டால் எங்கும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

செப்டம்பர் 17, புதன்

மூக்குச் சளியில் எண்டரோவைரஸ் டி68 என்ற சளி வைரஸ். மலத்தில் போலியோ இல்லை. முதுகுத்தண்டு நீரில் வெள்ளணுக்கள் கூடுதல், வைரஸ் இல்லை. "அப்ப அது காரணமில்லையே?" என்று அண்ணன் பிடித்துக்கொண்டான். இந்த நோயில் அந்த நீரில் வைரஸ் கிடைப்பதே அபூர்வம். பல பிள்ளைகளின் நீரில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருப்பதை 2019இல் ஆய்வுகள் காட்டின.

அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். அவர் நினைத்ததில் பாதி சரி. இரண்டும் எண்டரோவைரஸ் குடும்பம், இரண்டும் கெடுப்பது அதே நரம்பணுக்களைத்தான். ஆனால் போலியோ வயிற்று அமிலத்தைத் தாங்கிக் குடலில் வளரும், மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். டி68 அமிலத்தில் செத்துவிடும். 33 டிகிரி வாக்கில் குளிர்ச்சியாக இருக்கும் மூக்குதான் அதற்கு வசதி. அதனால்தான் சளி காயும் முன்பே மூக்கிலிருந்து எடுக்க வேண்டும். போலியோ காலைத்தான் அதிகம் பிடிக்கும், இது பெரும்பாலும் கையை. கடைசி வேறுபாட்டைச் சொல்லத்தான் சங்கடமாக இருந்தது: இதற்குத் தடுப்பூசி கிடையாது.

மருந்தும் கிடையாது. எதிர்ப்பொருள் ஊசி ஏற்றினார்கள். பலன் நிரூபணமாகவில்லை என்று மருத்துவரே சொல்லிவிட்டுத்தான் ஏற்றினார்.

அக்டோபர் 4, சனி

மூச்சுப் பயம் தீர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டான். மேசைமேல் கையை வழுக்கவிட்டால் முழங்கை மடிகிறது. தோள் மட்டும் அசையவில்லை, எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. மூட்டு இறங்காமலிருக்கக் கையைத் தாங்கிப் பிடிக்கும் தூளி கட்டியிருக்கிறோம். சில மாதத்தில் தோள் எழும்பாவிட்டால், வேலை செய்யும் நரம்பொன்றை எடுத்து இணைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். ரொம்பத் தள்ளிப்போட்டால் தசை சுருங்கி, இணைத்தும் பயனிருக்காது. முழுசாகத் திரும்புமா என்று அண்ணி கேட்டார். பலருக்கு ஓரளவு பலவீனம் தங்கிவிடும் என்றேன். வேலையிடத்தில் சொல்லிப் பழகிய வாக்கியம்தான், இன்று குரல் வரவில்லை.

அம்மா இடது குதிகால் உயர்த்திய தன் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார். அவன் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்து, "பாட்டி, உங்களுக்கும் சளி பிடிச்சுச்சா?" என்றான்.