நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில் வந்த அரிப்புப் பருக்கள்

மண்டபத்தில் மீன் வாங்கும் கொட்டகை ஒன்றில் எடை போட்டுக் கணக்கு எழுதுவது என் வேலை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் நண்டும் கணவாயும்தான் வரும், பெரிதாக வேலை இருக்காது. ஜூன் நடுவில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டால் நிற்க நேரம் இருக்காது. தகரக் கூரை, பாலியஸ்டர் ஜெர்சி, அதன் மேல் பிளாஸ்டிக் ஏப்ரன். கடலோரத்து ஈரக்காற்றில் வியர்வை வழியுமே தவிர காயாது. போன வருடம் ஜூன் கடைசியில், அப்படி ஒரு வாரம் வேலை பார்த்த பிறகுதான் நெஞ்சில் முதல் முறையாக அரிப்பு எடுத்தது. அது மயிர்க்காலுக்குள் பூஞ்சை பெருகி வரும் மலசீசியா ஃபாலிகுலைட்டிஸ் என்று தெரிய ஆகஸ்டு ஆகிவிட்டது.

சட்டையைக் கழற்றிப் பார்த்தால் நெஞ்செலும்பைச் சுற்றி கடுகைத் தூவியது போலச் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பருக்கள். நாலைந்து நாளில் முதுகின் மேல்பாதி, தோள், மேல்கை வரை வந்துவிட்டன. வியர்க்கும்போதும் வெந்நீர் படும்போதும் நமநமவென்று ஊறும்.

வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வேர்க்குரு வருவது வழக்கம்தான். ஆனால் அது இரண்டு நாள் வெயிலில் அலையாமல் காற்றாட இருந்தால் தானாக அமுங்கிவிடும். இது அமுங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் மின்விசிறிக்குக் கீழேயே கிடந்தேன். திங்கட்கிழமை காலையிலும் அத்தனை பருவும் அப்படியே இருந்தன. அம்மா, “உடம்புச் சூடுடா, எண்ணெய் தேய்ச்சுக் குளி” என்றார். தேங்காய் எண்ணெயை முதுகில் தேய்த்து ஊறவைத்துக் குளித்தேன், வாரம் இரண்டு முறை. அப்புறம் மருந்துக் கடையில் காட்டினேன். முகத்திலும் தாடை ஓரத்தில் இரண்டு மூன்று பரு இருந்ததால், எல்லாம் முகப்பருதான் என்று டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரை தந்தார்கள். தினம் ஒன்று.

மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். தாடைப் பருக்கள் நன்றாக வற்றின. ஆனால் நெஞ்சும் முதுகும் முன்பைவிட மோசமாயின. முன்பு கழுத்துக்குக் கீழே நின்றது, இப்போது நெற்றியில் முடி தொடங்கும் இடத்துக்கும் வந்துவிட்டது. வீட்டில் அண்ணன் படர்தாமரைக்கு வாங்கி வைத்திருந்த கிரீமை எடுத்துப் பூசினேன். மூன்று நாள் அரிப்பே இல்லை. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அந்தக் கிரீமில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கிக் காட்டும், உள்ளே இந்தப் பூஞ்சை பெருக வழியும் விடும்.

ஆகஸ்டு நடுவில் ராமநாதபுரம் போய் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, “தம்பி, வலிக்குதா, அரிக்குதா?” என்றுதான். அரிப்பு மட்டும்தான், வலி இல்லை என்றேன். சட்டையைக் கழற்றச் சொல்லி, விளக்கு வைத்த உருப்பெருக்கியால் நெஞ்சை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் போனிலேயே கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லாப் பருவும் ஒரே அளவு, குண்டூசித் தலை போல ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். சிலவற்றின் உச்சியில் மட்டும் துளி வெள்ளைச் சீழ். உற்றுப் பார்த்தால் பல பருக்களின் நடுவில் ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது, ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்கால். எங்கேயும் ஒரு கரும்புள்ளி கூட இல்லை. என் தாடையைத் தொட்டுக் காட்டி, “இங்க பாருங்க, இது நிஜமான பரு. பக்கத்துலயே கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கு. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு, ஒண்ணு அழுத்தினா வலிக்கும். நெஞ்சுல இருக்கிறது அப்படியா இருக்கு?” என்றார். ஒரே உடம்பில் இரண்டு வியாதி இருந்தால் ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்கிறோம், அதில்தான் பலருக்கு மாதக்கணக்கில் போய்விடுகிறது என்றும் சொன்னார். எனக்கு நடந்தது அதேதான்.

வேர்க்குருவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தையும் கேட்டேன். வேர்க்குரு வியர்வைக் குழாய் அடைத்து வருவது, அதனால் பருவின் நடுவில் மயிர் இருக்காது. குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் சில நாளில் போய்விடும். இது வாரக்கணக்கில் நிற்கும்.

பிறகு சீழ் வைத்திருந்த இரண்டு பருவைப் பிளேடு முனையால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டார். அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை கரையாமல் நிற்கும். சற்று நேரம் கழித்து நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். கொத்துக் கொத்தாக உருண்டைகள், சிலவற்றின் ஓரத்தில் மொட்டுப் போல ஒரு குட்டி உருண்டை. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. நோயின் பெயர் மலசீசியா ஃபாலிகுலைட்டிஸ். பூஞ்சைப் பரு என்று பேச்சுக்குச் சொல்கிறார்களே தவிர, இது முகப்பரு வகையைச் சேர்ந்ததே இல்லை.

இது யாரிடமிருந்தும் எனக்கு ஒட்டியது இல்லை. வளர்ந்தவர்கள் எல்லோர் தோலிலும் இந்த ஈஸ்ட் இருக்கிறது. தலையில் பொடுகோடும், கழுத்தில் வரும் தேமலோடும் தொடர்புள்ளதும் இதுதான். தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை இதனால் செய்துகொள்ள முடியாது, நம் தோலில் சுரக்கும் எண்ணெயை நம்பித்தான் வாழ்கிறது. எண்ணெய்ச் சுரப்பி அதிகமுள்ள நெஞ்சிலும் மேல்முதுகிலும் இது வருவதும், காலில் வராததும் அதனால்தான். வியர்வையும் காற்றுப் புகாத துணியும் சேர்ந்தால் மயிர்க்காலுக்குள் பெருகிவிடும். நான் தேய்த்த தேங்காய் எண்ணெய் அதற்கு மேலும் தீனி போட்டிருக்கிறது.

டாக்சிசைக்ளின் விஷயம்தான் என்னை உலுக்கியது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. ஈஸ்டை அது தொடாது. தோலில் ஈஸ்டுக்குப் போட்டியாக இடம் பிடித்திருக்கும் பாக்டீரியாவை மட்டும் குறைத்துவிடும், மீதி இடம் முழுக்க ஈஸ்டுக்குப் போகும். பரு மாத்திரை சாப்பிடச் சாப்பிட நெஞ்சிலும் முதுகிலும் பருக்கள் கூடுகின்றன, அரிக்கின்றன என்றால் அதுவே ஒரு பெரிய அடையாளம் என்றார் மருத்துவர். நான் மூன்று வாரம் அந்த அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னும் மருந்து பிடிக்கவில்லை போல என்று நினைத்திருந்தேன்.

மாத்திரை, கிரீம், எண்ணெய் மூன்றையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். ரொம்பப் பரவியிருந்ததால் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, பூஞ்சை மருந்தான இட்ராகொனசோல் தினம் 200 மில்லிகிராம், 14 நாள் எழுதினார். இதய நோய் உண்டா, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறேனா என்றெல்லாம் விசாரித்தார். பல மருந்துகளோடு இது ஒத்துப்போகாதாம், கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. அதனால் இந்த அளவைப் பார்த்து யாரும் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் விழுங்க வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் இந்தக் கேப்ஸ்யூல் உடம்பில் சேரும் என்பதால், நெஞ்செரிச்சலுக்கு நான் அவ்வப்போது போடும் மாத்திரையையும் அந்த நாட்களில் தொடவில்லை.

கூடவே கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு. பொடுகுக்குத் தலையில் போடும் அதே ஷாம்புவை நெஞ்சிலும் முதுகிலும் போட வேண்டும். இதில் நான் முதல் நான்கு நாள் தப்பு செய்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். சோப்பே நுரைக்காது. ஷாம்பு நுரைக்கவில்லை, வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பப் போட்டு உடனுக்குடன் கழுவினேன். மருத்துவரிடம் போனில் கேட்டபோது, நுரை முக்கியம் இல்லை, நேரம்தான் முக்கியம் என்றார். அதன்பிறகு உடம்பை லேசாக நனைத்து, உள்ளங்கையில் ஷாம்பு எடுத்து மெல்லிசாகப் பரப்பி, பத்து நிமிடம் அப்படியே நிற்பேன். நடுமுதுகுக்கு அண்ணன் போட்டுவிடுவான். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் கழுவினால் போதும். இரண்டு வாரம் தினமும் இப்படிச் செய்தேன்.

முதல் வாரம் முடிவதற்குள் அரிப்பு நின்றது. பருக்கள் அமுங்க நாலு வாரம் ஆனது. பழுப்புத் தழும்புகள் மட்டும் நாலைந்து மாதம் இருந்தன, அவை நோய் இல்லை, ஆறிய இடத்தின் நிறம்தான்.

நவம்பரில் வாடைக்காற்று வந்ததும் ஷாம்புவை மறந்துவிட்டேன். மார்ச்சில் வெயில் ஏறியதும் அதே இடத்தில் அதே கடுகுப் பருக்கள். மருந்து ஈஸ்டைக் குறைக்குமே தவிர தோலிலிருந்து ஒழிக்காது, அதனால் இது திரும்பி வருவது சகஜம். இந்த முறை மாத்திரைக்குப் போகவில்லை. பத்து நாள் தினமும் ஷாம்பு, பிறகு வாரம் ஒரு முறை. ஜெர்சியை விட்டுப் பருத்திச் சட்டைக்கு மாறினேன். மதியம் ஐஸ் பெட்டி ஏற்றி முடிந்ததும் உடம்பைத் துடைத்து வேறு சட்டை போட்டுக்கொள்கிறேன். இதுவரை தலைகாட்டவில்லை.

என் கதையைக் கேட்டு, கொட்டகையில் ஐஸ் உடைக்கும் 19 வயதுத் தம்பி ஒருவன் அதே ஷாம்புவை வாங்கி இரண்டு வாரம் முதுகில் போட்டான். ஒரு மாற்றமும் இல்லை. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். தோள் முழுக்கக் கரும்புள்ளிகள், நடுவில் சுண்டைக்காய் அளவில் நாலைந்து கட்டிகள், தொட்டால் கையைத் தட்டிவிட்டான். அரிக்குதா என்றேன். “இல்லண்ணே, படுத்தா வலிக்குது” என்றான். அவனை அதே மருத்துவரிடம் அனுப்பினேன். அவனுக்கு வந்திருந்தது சாதாரணப் பருதான். கரும்புள்ளிக்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு கலந்த ஜெல் எழுதியிருந்தார். கூடவே மாத்திரை, டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம். இரண்டு மாதத்தில் கட்டிகள் வற்றி, இப்போது மல்லாந்து படுத்துத் தூங்குகிறான்.