இரவு பத்து மணி ஸ்கிரீன்ஷாட் சொன்ன பொய்

தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தபோது, போனில் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு வாரம் கணக்கெடுத்தேன். என்னுடையது ஆண்ட்ராய்டு போன். செட்டிங்ஸில் Digital Wellbeing உள்ளே போய் Dashboard-ஐத் திறந்தால், அன்றைய மொத்த நேரமும் ஒவ்வொரு செயலிக்கும் ஆன நேரமும் வரிசையாக வரும். தினமும் இரவு பத்து மணிக்கு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை படத்தில் 3 மணி 40 நிமிடம் என்று இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். மறுநாள் காலை தற்செயலாக முந்தைய நாளுக்கான அம்புக்குறியைத் தட்டிப் பார்த்தால், அதே செவ்வாய் 5 மணி 25 நிமிடம் காட்டுகிறது. படம் எடுத்த பிறகு படுக்கையில் போனதுதான் அந்த ஒன்றேமுக்கால் மணி நேரம். அதிலிருந்து, இன்றைய கணக்கை நாளைக் காலையில்தான் படம் எடுக்கிறேன். பட்டியல் முழுவதும் ஒரே திரையில் வராது, கீழே தள்ளி இரண்டு படமாவது எடுக்க வேண்டும். நள்ளிரவு தாண்டிப் பார்த்தது அடுத்த நாள் கணக்கில் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படங்களிலிருந்து எண்களை ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றினேன்: ஒரு செயலிக்கு ஒரு வரிசை, ஒரு நாளுக்கு ஒரு பத்தி. எல்லாம் நிமிடத்தில். 1 மணி 8 நிமிடத்தை அவசரத்தில் 108 என்று போட்டுவிட்டேன், அது 68. அன்றைய கூட்டுத்தொகை படத்தில் இருந்த மொத்தத்தைவிட 40 அதிகமாக வந்ததால்தான் பிடிபட்டது. அதனால் ஒவ்வொரு பத்தியையும் கூட்டி மேலே இருக்கும் மொத்தத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். பட்டியலின் அடியில் இருக்கும் சில்லறைச் செயலிகளை 'மற்றவை' என்று ஒரே வரிசையில் போட்டால் போதும்.

அப்புறம் வரம்பு. இங்கேதான் நான் முதலில் சொதப்பினேன். இன்ஸ்டாகிராமுக்கு 15 நிமிடம் என்று வீராப்பாக டைமர் வைத்தேன். காலை பத்து மணிக்குள் அது தீர்ந்து ஐகான் சாம்பல் நிறமானது. மூன்றாம் நாள் டைமரையே நீக்கிவிட்டேன். நீக்க இரண்டு தட்டு போதும். அந்தப் பூட்டு அவ்வளவுதான்.

இரண்டாவது முறை எண்களைப் பார்த்து வைத்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை இன்ஸ்டாகிராம் நிமிடங்கள் 58, 71, 62, 165, 64. அந்த 165, மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்த நாள். சராசரி எடுத்தால் 84 வருகிறது. அதில் கால்பங்கு குறைத்தால் 63. சாதாரண நாளில் நான் பார்ப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான், பிறகு அது என்ன வரம்பு? அதனால் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தேன்: 64. ஷீட்டில் இப்படி:

```
=MEDIAN(B2:F2)
```

அதில் கால்பங்கு குறைத்தால் 48, டைமர் 50. சனி, ஞாயிறு எண்களை இதில் கலக்கவில்லை. என் போனில் எல்லா நாளுக்கும் ஒரே டைமர்தான் வைக்க முடிகிறது, அதனால் சனிக்கிழமை காலை கையால் 80 ஆக மாற்றுவேன். ஐபோனில் நாளுக்கு நாள் தனி வரம்பு வைக்கலாம்.

வாட்ஸ்அப் வேறு கதை. நாளுக்கு 38 நிமிடம்தான், ஆனால் Dashboard-இல் Times opened என்று மாற்றிப் பார்த்தால் 61 தடவை திறந்திருக்கிறேன். அதற்கு டைமர் வைத்துப் பயனில்லை. நான்கு குழுக்களின் அறிவிப்பை நிறுத்தியதும் அந்த எண்ணிக்கை 30-க்குப் பக்கத்தில் வந்தது.

பெரிய தலைவலி யூடியூப். புதன்கிழமை 131 நிமிடம். பார்த்த வீடியோக்களின் பட்டியலைத் திறந்து எண்ணினால், அதில் 74 நிமிடம் பாடம். செட்டிங்ஸுக்குப் பாடமும் ஷார்ட்ஸும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே பூட்டும். ஒருநாள் பாதிப் பாடத்தில் டைமர் தீர்ந்து நின்றது. கோபத்தில் அதை நீக்கினேன், அன்று இரவு முழுக்க ஷார்ட்ஸ். அதற்குப் பிறகு பாடங்களை லேப்டாப்பில் மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். போனில் மிஞ்சுவது பொழுதுபோக்கு 57 நிமிடம் மட்டும் என்பதால், அதற்கு 45 வைக்க முடிந்தது. லேப்டாப் இல்லாதவர்கள் பாடத்தைப் போனின் பிரவுசரில் பார்க்கலாம், ஆனால் வாரக் கணக்கில் பிரவுசர் வரிசை திடீரென ஊதினால் உள்ளே என்ன ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். எனக்கு ஒரு வாரம் அப்படி ஊதியது. பூட்டிய இன்ஸ்டாகிராமை நான் பிரவுசரில் திறந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் இன்ஸ்டாகிராமின் நடு எண் 49. டைமரை இன்னும் 40-க்கு இறக்கவில்லை. 50-ஐ நீக்காமல் இரண்டு வாரம் ஓட்டிய பிறகுதான் அதைத் தொடப்போகிறேன்.